ஓய்வூதிய விண்ணப்பத்தை முதல்முறையாக நிரப்புகிறேன். எந்தத் தவறால் திருப்பி அனுப்புவார்கள்?

நீங்கள் ஒன்றுக்கு மேற்பட்ட கம்பெனிகளில் வேலை பார்த்தவர் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். பெயரும் பிறந்த தேதியும் எல்லா ஆவணங்களிலும் எழுத்து பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதை எல்லோரும் சொல்லியிருப்பார்கள். அதில் நான் கவனமாகத்தான் இருந்தேன். என் விண்ணப்பம் இரண்டு முறை திரும்பி வந்தது, முதல் வேலையை விட்ட தேதியால்.

அந்த வேலைக்கு நான் கடைசியாகப் போனது 18ஆம் தேதி. 20ஆம் தேதி அடுத்த கம்பெனியில் சேர்ந்துவிட்டேன். எனவே படிவத்தில் 18 என்று எழுதினேன். பழைய கம்பெனியோ என் மீதி விடுப்பைக் கணக்கில் சேர்த்து, 30ஆம் தேதி வரை நான் வேலையில் இருந்ததாகப் பதிவு செய்திருந்தது. தேதி பொருந்தவில்லை என்று திருப்பிவிட்டார்கள். சரி, பதிவில் இருப்பதையே எழுதுவோம் என்று 30 போட்டு அனுப்பினேன். மறுபடியும் திரும்பியது. 20 முதல் 30 வரை 11 நாள், ஒரே ஆள் இரண்டு இடத்தில் வேலை பார்த்ததாகக் கணக்கு வருகிறதாம்.

படிவத்தைச் சரிபார்ப்பவர் முதலாளி கொடுத்த பதிவைப் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்கிறார். பதிவு தப்பாக இருந்தால் படிவத்தை எத்தனை முறை மாற்றி எழுதினாலும் பலன் இல்லை. பழைய கம்பெனியிடம் கடைசி வேலை நாள் 18தான் என்று கடிதம் வாங்கி, முதலில் பதிவைத் திருத்த வைத்தேன். அப்புறம் 18 என்று எழுதிக் கொடுத்த மூன்றாவது விண்ணப்பம்தான் ஏறியது. இடையில் ஐந்து மாதம் போய்விட்டது.

தேதியைக்கூடவா நினைவில் வைக்கவில்லை என்று சிலர் கேட்கலாம். 22 வருஷத்துக்கு முந்தைய தேதி அது. என் நினைவும் தப்பாக இல்லை. அந்தக் கடிதத்துக்காக நான்கு முறை அலைந்தேன். ஒன்பது வருஷம் உழைத்த இடம், உட்காரக்கூடச் சொல்லவில்லை. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

அதனால் பேனாவை எடுக்கும் முன் உங்கள் பணிப் பதிவை வாங்கிப் பாருங்கள். ஒவ்வொரு வேலையிலும் சேர்ந்த தேதி, விட்ட தேதி இரண்டையும் ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். ஒரு வேலையை விட்ட தேதிக்குப் பிறகுதான் அடுத்தது தொடங்குகிறதா என்று பாருங்கள். நடுவில் சில நாள் காலியாக இருந்தால், அதற்காக விண்ணப்பத்தைத் திருப்ப மாட்டார்கள், அந்த நாட்கள் பணிக்காலத்தில் சேராது, அவ்வளவுதான். ஒன்றின் மேல் ஒன்று ஏறினால்தான் சிக்கல். விட்ட தேதி பதிவில் ஏறாமலே இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். அப்படி இருந்தால் நீங்கள் இன்னும் அங்கேயே வேலை பார்ப்பதாகத்தான் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.