வெறும் வயிற்றுச் சுகரும் மெட்ஃபார்மினும்

"ராத்திரி இரண்டு சப்பாத்திதான் சாப்பிடுகிறேன். ஆனாலும் காலையில் வெறும் வயிற்றில் சுகர் 160. டாக்டர் மெட்ஃபார்மின் கொடுத்திருக்கிறார். அது எப்படிக் குறைக்கும்? ஏன் எல்லாருக்கும் முதலில் அதையே எழுதுகிறார்கள்?"

உங்களுக்கு இப்போதுதான் சுகர் தெரிய வந்திருக்கிறது, சாப்பாட்டைக் குறைத்துப் பார்த்துவிட்டு மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கும் பார்மசிஸ்ட். என் அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, இதே கதைதான் நடந்தது.

அவருக்கு வெறும் வயிற்றில் 172. ராத்திரிச் சோற்றை விட்டுக் கோதுமைக் கஞ்சிக்கு மாறினார், பிறகு சில நாள் அதையும் குடிக்காமல் படுத்தார். காலையில் எண் அசையவே இல்லை. "சாப்பிடாமலே எப்படி ஏறும்? உங்க மெஷின்தான் கோளாறு" என்றார்.

மெஷினில் கோளாறு இல்லை. அந்தச் சுகர் கல்லீரல் தயாரித்தது. நாம் சாப்பிடாத நேரத்தில் மூளைக்குச் சர்க்கரை வேண்டுமே, அதற்காகக் கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து எடுத்து விடும்; லாக்டேட், புரதத் துணுக்குகள் போன்றவற்றிலிருந்து புதிதாகவும் செய்யும். போதும் என்று அதை அடக்கி வைப்பது இன்சுலின். டைப் 2 நோயில் கல்லீரல் அந்தச் சொல்லைச் சரியாகக் கேட்பதில்லை. பட்டினி கிடந்தாலும் ராத்திரி முழுக்கச் சர்க்கரையை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும்.

மெட்ஃபார்மின் முக்கியமாகக் கை வைப்பது இந்த இடத்தில்தான். குடலிலிருந்து ரத்தத்தில் சேரும் மருந்து நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே செல்களின் ஆற்றல் உற்பத்தியைக் கொஞ்சம் தணிக்கிறது. புதிதாகச் சர்க்கரை செய்ய நிறைய ஆற்றல் வேண்டும் என்பதால் அந்த வேலை குறைகிறது. குடலும் தன் பங்குக்குச் சர்க்கரையைக் கூடுதலாகச் செலவழிக்கிறது.

கணையத்தை விரட்டி இன்சுலின் சுரக்க வைப்பதில்லை என்பதுதான் முதல் மாத்திரை ஆனதற்குப் பெரிய காரணம். அப்படி விரட்டும் கிளிமிபிரைடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஒரு வேளைச் சாப்பாடு தவறினால் லோ சுகர் வந்து வியர்த்து நடுங்கும். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்கு அந்த ஆபத்து மிகக் குறைவு. எடையும் ஏறாது. பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு 1998-ல் வந்தது. உடல் பருமனானவர்களுக்கு இது மாரடைப்பையும் குறைத்ததாக அதில் தெரிந்தது. விலையும் குறைவு. இதய நோயோ கிட்னி நோயோ ஏற்கெனவே இருந்தால் டாக்டர் வேறு மருந்தை முதலிலோ கூடவோ கொடுக்கலாம், அது வேறு கணக்கு.

அத்தைக்கு ராத்திரிச் சாப்பாட்டோடு 500 மில்லிகிராம் ஒன்றில் ஆரம்பித்து, ஒரு வாரம் கழித்துக் காலையிலும் ஒன்று சேர்த்தார்கள். வயிறு போக ஆரம்பித்தது. விசாரித்தால், காலை மாத்திரையை வெறும் கட்டன்சாயாவோடு விழுங்கியிருக்கிறார். சாப்பாட்டின் நடுவில் போடச் சொன்னேன். டாக்டரும் மெதுவாகக் கரையும் எஸ்ஆர் மாத்திரைக்கு மாற்றினார். வயிறு அடங்கியது. அப்புறம் ஒருநாள் மலத்தில் மாத்திரை முழுசாகக் கிடந்ததைப் பார்த்து, மருந்து கரையவே இல்லை என்று பதறினார். சில எஸ்ஆர் மாத்திரைகளில் மருந்து கசிந்து போய்க் கூடு மட்டும் அப்படி வெளியேறும், பயமில்லை.

சுகர் உடனே இறங்கவும் இல்லை. மூன்று மாதம் கழித்து வெறும் வயிற்றில் 124, மூன்று மாதச் சராசரிச் சுகரைக் காட்டும் ஹெச்பிஏ1சி 8.2-லிருந்து 7.1.

இங்கே ஒரு ஆதங்கத்தைச் சொல்லியே ஆகவேண்டும். எங்கள் ஊரில் வீட்டில் பேசுவது தமிழ், ஆனால் கையில் தருகிற சுகர் நோட்டீஸ் மலையாளத்தில், மாத்திரை அட்டை ஆங்கிலத்தில். சாப்பாட்டோடு போட வேண்டும் என்ற ஒரு வரி தமிழில் இருந்திருந்தால் அத்தை பட்ட அவஸ்தை மிச்சம்.

"கிட்னியைக் கெடுத்துவிடும்" என்று உங்களிடமும் யாராவது சொல்லியிருப்பார்கள். இந்த மருந்து கிட்னியைக் கெடுப்பதில்லை. ஆனால் உடம்பை விட்டு அது வெளியேறுவது கிட்னி வழியாகத்தான். கிட்னி ஏற்கெனவே பழுதாகியிருந்தால் மருந்து தேங்கி, ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறும். அரிதுதான், ஆனால் உயிருக்கு ஆபத்து. அதனால்தான் ரத்தத்தில் கிரியேட்டினின் பார்த்து, கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் ஈஜிஎஃப்ஆர் கணக்கிடுகிறார்கள்: 45-க்குக் கீழே போனால் அளவைக் குறைப்பார்கள், 30-க்குக் கீழே நிறுத்திவிடுவார்கள். கடும் வாந்தி பேதியில் நீர் வற்றிய நாட்களில் மாத்திரையை நிறுத்திவைத்து டாக்டரைக் கேளுங்கள். மருந்து ஏற்றி எடுக்கும் சிடி ஸ்கேன் என்றால் இதைச் சாப்பிடுவதை முன்கூட்டியே சொல்லுங்கள். வருஷக்கணக்கில் சாப்பிடும்போது பி12 குறையலாம். கால் எரிச்சலும் மரத்துப்போதலும் வந்தால் எல்லாம் சுகரால்தான் என்று விட்டுவிடாமல் பி12-ஐயும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.