பழம் சப்ளையருக்குக் காலாண்டு மதிப்பீடு அனுப்புவது எப்படி?

கேள்வி: செம்பனை ஆலையில் பழம் வாங்கும் பிரிவுக்குப் புதிதாக மாறியிருக்கிறேன். ஒவ்வொரு சப்ளையருக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மதிப்பீடு அனுப்ப வேண்டுமாம். டெலிவரி, தர மதிப்பெண், ஒப்புக்கொண்ட முன்னேற்றங்கள் மூன்றும் அதில் இருக்க வேண்டும் என்கிறார்கள். பல வருஷம் பழகிய டீலர்களுக்கு இதை எப்படி எழுதுவது, எப்படி அனுப்புவது?

பதில்:

பெஸ்தாரி ஜெயா பக்கம் ஒரு ஆலையில் ஆறு வருஷமாக இந்த வேலையைச் செய்கிறேன். எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். எங்களுக்குப் பழம் தருகிற டீலர்களில் பாதிப் பேர் தோட்டத்தில் எங்கள் அப்பாவோடு வேலை பார்த்தவர்கள். அதனால் உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் மனஸ்தாபம் வருவது கடிதத்தில் எழுதும் வார்த்தையால் இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன். நாம் போடும் எண்ணை அவர் தன் கையில் உள்ள சீட்டுகளை வைத்துச் சரிபார்க்க முடியாதபோதுதான் சண்டை வருகிறது. நான் முதன்முதலாகத் தயாரித்த மதிப்பீட்டில் நடந்ததைச் சொன்னால் தெளிவாகும்.

அந்த டீலருக்கு ஒரு ரம்ப் உண்டு. சுற்றுவட்டாரச் சிறுதோட்டக்காரர்களின் குலைகள் அங்கே வந்து சேரும். அங்கிருந்து பெரிய லோரியில் ஏறக்குறைய பத்து டன் வீதம் எங்களுக்கு வரும். உள்ளே தள்ளி இருக்கும் சில தோட்டங்களிலிருந்து மூன்று டன் சின்ன லோரி நேராக ஆலைக்கு வரும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மொத்தம் 52 நடை. பெரிய லோரி 38, சின்ன லோரி 14.

முதலில் டெலிவரி. சாயங்காலம் ஏழு மணிக்குள் வந்தால் நேரத்துக்கு வந்ததாகக் கணக்கு என்று பேசி வைத்திருந்தோம். நான் எடைப்பாலச் சீட்டில் இருந்த நேரத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். 52-இல் 41 நடை நேரத்துக்கு, 11 தாமதம், அதாவது 79 சதவீதம். தாளை அனுப்பிய அன்றே போன் வந்தது.

“தம்பி, என் லோரி ஆறு மணிக்கே கேட்டுக்கு வந்துடுச்சு. நீங்க டிம்பாங் பண்ணது ஒன்பது மணிக்கு. வரிசையில நின்ன நேரத்தையும் என் கணக்குல எழுதிட்டீங்களே.”

பாதுகாவலரின் கேட் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. அந்தப் பதினொன்றில் நான்கு நடை ஏழு மணிக்கு முன்பே கேட்டில் பதிவாகியிருந்தது. அந்த நாள்களில் எங்கள் ஸ்டெரிலைசர் பழுது, லோரிகள் ரோடு வரை நின்றன. திருத்திய பிறகு 52-க்கு 45, அதாவது 87 சதவீதம். அன்றிலிருந்து டெலிவரிக்குக் கேட் நேரத்தைத்தான் எடுக்கிறேன். எடைப்பாலச் சீட்டு எடைக்கு மட்டும்தான். நீங்களும் எந்த நேரம் எந்தப் பதிவிலிருந்து எடுக்கப்பட்டது என்று தாளின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.

ஆனால் லோரி நேரத்துக்கு வந்ததாலேயே பழம் புதிது என்று ஆகிவிடாது. வெட்டிய 24 மணி நேரத்துக்குள் ஆலைக்கு வர வேண்டும் என்பதுதான் நாம் உண்மையில் கேட்பது. அடிபட்ட பழத்தில் நொதி வேலை செய்து எண்ணெயில் கொழுப்பமிலம் ஏறிக்கொண்டே போகும். கச்சா எண்ணெயில் அது 5 சதவீதத்தைத் தாண்டினால் விற்கும்போது நம் தலையில்தான் விழும். வெட்டிய தேதியை டீலர்தான் டெலிவரி சீட்டில் எழுதுகிறார், ஆலைக்கு வேறு ஆதாரம் கிடையாது. அதனால் அதற்கு மதிப்பெண் போடுவதில்லை, குறிப்பாக மட்டும் எழுதுகிறேன். காம்பு வெட்டுவாய் காய்ந்து கறுத்திருந்தாலும், உதிரிப் பழம் மிதமிஞ்சி இருந்து புளித்த வாடை அடித்தாலும், சீட்டில் இன்றைய தேதி இருந்து பயனில்லை. கிரேடர் அன்றே படம் எடுத்து வைக்க வேண்டும். மூன்று மாதம் கழித்து வாயால் சொன்னால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

அடுத்தது தரம். இங்கேதான் நான் பெரிய தப்பு செய்தேன். மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் தரம்பிரிப்புக் கையேட்டை வைத்துத்தான் எங்கள் கிரேடர் பார்க்கிறார். குலையிலிருந்து ஒரு பழமும் உதிராமல் கறுப்பாக இருந்தால் அது பச்சைக் குலை. பத்துக்கும் குறைவாக உதிர்ந்திருந்தால் அரைப்பழம். காம்பு 5 சென்டிமீட்டருக்கு மேல் நீண்டிருந்தால் நீளக்காம்பு. ஒவ்வொரு நடைக்கும் தரச்சீட்டு உண்டு. நான் 52 சீட்டிலும் இருந்த பச்சைக் குலை சதவீதங்களைக் கூட்டி 52-ஆல் வகுத்துவிட்டேன். 4.9 சதவீதம் வந்தது.

இந்தக் கணக்கு ஏன் தப்பு என்றால், மூன்று டன் லோரியும் பத்து டன் லோரியும் அதில் ஒன்றாகிவிடுகின்றன. எடையை வைத்துப் பார்த்தால் பெரிய லோரியில் 380 டன், பச்சைக் குலை 3 சதவீதம். சின்ன லோரியில் 42 டன், 10 சதவீதம். ஆக 422 டன்னில் பச்சை 15.6 டன், அதாவது 3.7 சதவீதம். 4.9-க்கும் 3.7-க்கும் உள்ள வித்தியாசம் அவர் பெயரைக் கெடுக்கப் போதுமானது. எடைவாரியாகப் பிரித்ததில் இன்னொன்றும் தெரிந்தது. பிரச்சினை ரம்பில் இல்லை, சின்ன லோரி போகிற தோட்டங்களில்தான் இருக்கிறது. மொத்தத்துக்கு ஒரே எண்ணைப் போட்டிருந்தால் அது கடைசி வரை தெரிந்திருக்காது. தலைமை அலுவலகம் ஒற்றை மதிப்பெண் கேட்டால் கொடுங்கள். ஆனால் டீலருக்கு அனுப்பும் தாளில் பிரித்த எண்கள்தான் முதலில் வர வேண்டும்.

அனுப்பும் முறையைப் பற்றிச் சொல்கிறேன். நேராக இறுதித் தாளை அனுப்பாதீர்கள். காலாண்டு முடிந்த பத்து நாளுக்குள் வரைவை அனுப்பி, நடைவாரிப் பட்டியலையும் கூடவே இணையுங்கள். அதில் தேதி, லோரி எண், கேட் நேரம், எடை, பச்சைக் குலை சதவீதம் இருந்தால் போதும். மாற்றுக் கருத்து சொல்ல ஐந்து வேலை நாள் கொடுங்கள். அந்தத் தவணை முடிந்த பிறகு உட்கார்ந்து பேசி, பேசியதை எழுதி, அப்புறம் இறுதித் தாள். கம்பெனிக் கடிதம் மலாயில் போகும். அதற்கு முன்னால் வாட்ஸ்அப்பில் நான் தமிழில் எழுதுவது இப்படி இருக்கும்:

“அண்ணே வணக்கம். அக்டோபர்–டிசம்பர் மதிப்பீட்டின் வரைவை அனுப்பியிருக்கிறேன். 52 நடையில் 45 நேரத்துக்கு வந்திருக்கின்றன (கேட் புத்தகப்படி). பச்சைக் குலை எடைவாரியாக 3.7 சதவீதம்: பெரிய லோரி 3, சின்ன லோரி 10. நடைவாரிப் பட்டியல் கூடவே இருக்கிறது. உங்கள் சீட்டுகளோடு ஒப்பிட்டு, மாறுபாடு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள். தரத்துக்கான கழிவு அந்தந்த மாதப் பணத்திலேயே பிடிக்கப்பட்டுவிட்டது. இந்த மதிப்பீட்டுக்காகத் தனியாக எதுவும் பிடிக்கப்படாது. திங்கள் காலை பத்து மணிக்கு ரம்புக்கு வருகிறேன், பேசுவோம்.”

பணத்தைப் பற்றிய அந்த வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். எண்ணெய் பிழிவு விகிதத்தை வைத்துத்தான் குலைக்கு விலை போடுகிறோம், பச்சை கூடினால் அந்த விகிதத்தைக் குறைக்கிறோம். டீலர் அதில் ஏற்கெனவே நஷ்டப்பட்டவர். மறுபடியும் ஒரு தாளில் அதே 10 சதவீதத்தைப் பார்த்தால், இரண்டாம் முறை வெட்டப்போகிறார்கள் என்றுதான் நினைப்பார். அந்தப் பயம் இருக்கும் வரை காரணத்தைப் பற்றி மனம் விட்டுப் பேச மாட்டார்.

ரம்பில் உட்கார்ந்து பேசியபோதுதான் இரண்டு காரணமும் வெளியே வந்தன. தாமதமான ஏழு நடையில் ஐந்து மழை நாளில். பழம் குறைவாக வந்ததால் லோரி நிறையட்டும் என்று காத்திருக்கிறார்கள், ஏழு மணி தாண்டிவிடுகிறது. சின்ன லோரித் தோட்டங்களில் வெட்டுகிற ஆள்களுக்கு டன் கணக்கில் கூலி. தீபாவளிக்கு முந்திய வாரங்களில், திரும்ப ஒரு நடை வருவானேன் என்று பழுக்காததையும் சேர்த்து வெட்டியிருக்கிறார்கள். வெட்டிய பிறகு அந்தக் குலையில் எண்ணெய் ஏறாது, ரம்பில் வைத்திருந்தும் பிரயோஜனமில்லை.

முன்னேற்றப் பகுதியில் ‘தரத்தை உயர்த்தவும்’ என்று எழுதினால் அது யாருக்கும் வேலை ஆகாது. யார், என்ன, எந்தத் தேதிக்குள், எதை வைத்துப் பார்ப்போம் என்ற நான்கும் இருக்க வேண்டும். நாங்கள் எழுதியது: ஜனவரி 15 முதல் பெரிய லோரி நிறைந்தாலும் நிறையாவிட்டாலும் நான்கு மணிக்குக் கிளம்பும், கேட் புத்தகத்தில் பார்ப்போம். சின்ன லோரி ஏற்றும் இடத்தில் டீலரின் ஆள் ஒருவர் நிற்பார். தரையில் உதிரிப் பழம் விழாத மரத்தின் குலை லோரியில் ஏறாது, பச்சையாக வெட்டியதற்குக் கூலி கிடையாது. மார்ச் முடிவுக்குள் சின்ன லோரியின் பச்சைக் குலை 5 சதவீதத்துக்குள் வர வேண்டும்.

நம் பக்கத்து வேலையும் அதே பட்டியலில் வர வேண்டும். ஆலை நின்றால் மதியம் பன்னிரண்டுக்குள் டீலருக்குச் செய்தி அனுப்புவது என் பொறுப்பு, தரச்சீட்டின் படத்தை அன்றே அனுப்புவது கிரேடர் பொறுப்பு என்று என் பெயரையும் அவர் பெயரையும் போட்டு எழுதினேன். இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டோம்.

அடுத்த காலாண்டின் தாள் இந்தப் பட்டியலில் இருந்துதான் தொடங்கியது. நான்கு மணி லோரி சரியாக ஓடியது. தாமதம் இரண்டு நடை மட்டும். சின்ன லோரியின் பச்சைக் குலை 6 சதவீதத்தில் நின்றது, இலக்கை எட்டவில்லை. ‘நன்றாகக் குறைந்துள்ளது’ என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் ‘10-இலிருந்து 6, இலக்கு 5, நிறைவேறவில்லை’ என்றே எழுதி, ஜூன் வரை நீட்டினோம். என் பொறுப்பில் ஒரு நாள் பன்னிரண்டுக்குப் பதில் மூன்று மணிக்குச் செய்தி போயிருந்தது. அதையும் அதே வரிசையில் தேதியோடு எழுதினேன்.