போட்ட விலைக்கும் கடைசி விலைக்கும் ஏன் வித்தியாசம்?

“யாழ்ப்பாணத்தில இருக்கிறன். ஒன்லைனில் கிறைண்டர் 12,500 ரூபா எண்டு போட்டிருந்தது. கடைசியில் 15,350 காட்டுது. விற்பவரிட்ட எப்பிடிக் கேக்கிறது?”

கேட்க முதல் கணக்கைப் பிரித்துப் பாருங்கள். கூடியது 2,850 ரூபா. 12,500இன் 18 வீதம் 2,250. இது இப்போதைய வற் வீதத்துடன் அப்படியே பொருந்துகிறது. மிச்சம் 600 கூரியர் கூலியாக இருக்கலாம். அது நிறையைப் பொறுத்துக் கூடும். பெரிய பெட்டிக்கு அளவை வைத்தும் கணக்கிடுவார்கள்.

வற் பதிவு இல்லாதவர் வற் அறவிட முடியாது. ஆனால் “ஏன் கூட?” என்று மட்டும் கேட்டால் “வரி” என்ற ஒரு சொல்லோடு பதில் முடிந்துவிடும். இப்படி எழுதுங்கள்:

“வணக்கம். பக்கத்தில் 12,500 ரூபா, கட்டணத் திரையில் 15,350 ரூபா. 2,250 வற் வரியா? அப்படியென்றால் உங்கள் வற் பதிவு இலக்கத்துடன் பற்றுச்சீட்டு தருவீர்களா? 600 ரூபா எத்தனை கிலோவுக்கான கூரியர் கூலி?”

இரண்டு திரைகளையும் படமெடுத்துச் சேர்த்து, காசு கட்ட முதலே அனுப்புங்கள். விற்பவர் பிறகு பக்கத்தில் விலையை மாற்றினால், பழைய விலைக்கு அந்தப் படம்தான் சாட்சி. பதிவு இலக்கம் தர மறுத்தால் அந்த 2,250ஐக் கட்ட வேண்டாம்.