சின்ன சத்தத்தில் கரகரப்பு: ஆம்ப்ளிஃபயர் கிளாஸ்கள் பற்றிச் சில கேள்விகள்

கும்பகோணம்: புதுசா அசெம்பிள் பண்ணின செட் அண்ணே. 2SC5200, 2SA1943 ஜோடி, ±35 வோல்ட். வால்யூம் வச்சா நல்லா இருக்கு, குறைச்சா சுருதிப்பெட்டி சத்தமே கரகரங்குது. ஸ்பீக்கர் கிழிஞ்சிருக்குமா?

ஸ்பீக்கர் கிழிந்திருந்தால் சத்தம் கூடக் கூடத்தான் மோசமாகும். உங்களுக்கு நேர்மாறாக இருக்கிறது. பயாஸ், அதாவது சும்மா இருக்கும்போதே டிரான்சிஸ்டரை லேசாக விழித்திருக்க வைக்கும் வோல்ட், போதவில்லை.

அந்த டிரான்சிஸ்டர் ஜோடியில் ஒன்று அலையின் மேல் பாதியைத் தள்ளுகிறது, மற்றது கீழ்ப் பாதியை இழுக்கிறது. பேஸில் சுமார் 0.6 வோல்ட் வந்தால்தான் எதுவும் விழிக்கும். பயாஸே இல்லாத கிளாஸ் பி-யில், அலை பூஜ்யத்தைக் கடக்கும் இடத்தில் இரண்டுமே தூங்குகின்றன. இதைத்தான் க்ராஸோவர் டிஸ்டார்ஷன் என்பார்கள். 50 வாட் ஓடும்போது 8 ஓம் ஸ்பீக்கரில் உச்சம் 28 வோல்ட், அதில் 0.6 போனால் காது கண்டுபிடிக்காது. ராத்திரி வீட்டில் 0.1 வாட்டில் கேட்கும்போது உச்சமே 1.3 வோல்ட்தான். அதில் பாதி போய்விடும். ஸ்கோப் இருந்தால் பூஜ்யக் கோட்டில் சின்னப் படிக்கட்டு தெரியும். இல்லையென்றால் வீணை மீட்டு ஒன்றைப் போட்டு, நாதம் அடங்கும் வாலைக் கேளுங்கள். அங்கேதான் மணல் கொட்டும்.

திருவாரூர்: ஃபீட்பேக்கைக் கூட்டினா இந்தத் தொல்லையே இருக்காதே சார்? பயாஸ் எதுக்கு?

பாதி சரி. ஃபீட்பேக், அதாவது வெளியே வருவதை உள்ளே வந்ததோடு ஒப்பிட்டுத் திருத்தும் வழி, முன் கட்டத்தை வேகமாகத் தாவ வைத்து இடைவெளியைச் சுருக்கும். ஆனால் இரண்டும் அணைந்திருக்கும் அந்த நொடியில் திருத்த வேண்டிய வழியே அறுந்து கிடக்கிறது. தவில் தொப்பியின் தாழ்ந்த ஒலியில் சமாளிக்கும். ஜால்ராவில் மாட்டிக்கொள்ளும், ஏனென்றால் மேல் அலைவரிசையில் ஃபீட்பேக்கின் பலமே குறைவு. முதலில் பயாஸ், பிறகு ஃபீட்பேக்.

நாகப்பட்டினம்: நானும் க்ராஸோவர் கெப்பாசிட்டரை மாத்திப் பார்த்தேன், போகலையே!

நீங்கள் மாற்றியது ஸ்பீக்கர் பெட்டிக்குள் ட்வீட்டரைப் பிரித்துவிடும் க்ராஸோவர். இங்கே பேசும் க்ராஸோவர் டிஸ்டார்ஷன் ஆம்ப்ளிஃபயருக்குள் நடக்கும் வேறு விவகாரம். பழைய கெப்பாசிட்டர் நன்றாக இருந்தால் திரும்பப் போட்டுவிடுங்கள்.

கும்பகோணம்: சரிண்ணே, பயாஸை எப்படி வைக்கிறது?

இன்புட்டை ஷார்ட் செய்யுங்கள், ஸ்பீக்கரைக் கழற்றுங்கள், மெயின்ஸ் வழியில் 100 வாட் குண்டு பல்பை சீரீஸில் போடுங்கள். பயாஸ் டிரான்சிஸ்டரின் பேஸ்–எமிட்டர் பக்கத்தில், திருகித் தடையை மாற்றும் பிரீசெட் இருந்தால், மின்தடை அதிகமாக இருக்கும் நிலையில் வைத்து ஆன் செய்யுங்கள். பல்பு ஒரு கணம் மினுக்கி மங்க வேண்டும். எரிந்துகொண்டே இருந்தால் தவறு எங்கோ இருக்கிறது, மேலே போகாதீர்கள்.

மங்கினால் பல்பை எடுத்துவிட்டு, 0.22 ஓம் எமிட்டர் ரெசிஸ்டரின் இரு முனையிலும் மீட்டரை மில்லிவோல்ட்டில் வையுங்கள். மெதுவாகத் திருப்பி 11 மில்லிவோல்ட் கொண்டு வாருங்கள். அதுதான் 50 மில்லிஆம்ப். கால் மணி நேரம் விட்டு மறுபடி பாருங்கள், சூட்டில் ஏறியிருக்கும். டிகிரிக்கு 2 மில்லிவோல்ட் அளவில் ஜங்ஷன் வோல்ட் இறங்குவதால்தான் இது. அதனால்தான் பயாஸ் டிரான்சிஸ்டரை, பெரும்பாலும் BD139, அதே ஹீட்சிங்கில் மைக்கா வைத்துத் திருகச் சொல்கிறேன். போர்டில் தனியாக நின்றால் சித்திரை வெயிலில் கரண்ட் ஏறி, சூடு ஏறி, அதனால் இன்னும் கரண்ட் ஏறி, கடைசியில் ஜோடியே போய்விடும்.

பிரீசெட் கலெக்டர்–பேஸ் பக்கத்தில் இருக்கிற போர்டு என்றால் மாற்றிப் போடுவது நல்லது. அங்கே அதன் தொடுமுனை விட்டுப்போனால் பயாஸ் உச்சத்துக்குப் போய்விடும். பேஸ்–எமிட்டர் பக்கத்தில் விட்டுப்போனால் குறையத்தான் செய்யும்.

தஞ்சாவூர்: 26 மில்லிவோல்ட்தான் சரியான அளவுன்னு படிச்சிருக்கேன். 11 குறைச்சல் இல்லையா?

கணக்குப்படி அதுதான். ஆனால் டிரான்சிஸ்டருக்குள்ளேயும் கொஞ்சம் தடை இருக்கிறது, அதனால் நடைமுறையில் அதற்குக் கீழேதான் பலர் வைக்கிறார்கள். 0.22-ல் 26 என்றால் சுமார் 118 மில்லிஆம்ப். ±35-ல் ஒரு ஜோடிக்கு 8 வாட் சும்மாவே சூடாகும். அளவு மீறினால் இரண்டும் சேர்ந்து கடத்தும் இடத்தில் கெயின் கூடி, படிக்கட்டு இருந்த இடத்தில் மேடு வரும். எங்கே நிறுத்துவது என்பதில் கட்டுபவர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. எனக்கு 15-க்கு மேல் போக மனம் வராது.

மயிலாடுதுறை: அப்போ கிளாஸ் ஏ போட்டுட்டா?

இந்தக் குறை இருக்காது, இரண்டும் எப்போதும் விழித்தே இருக்கும். 8 ஓமில் 20 வாட் வேண்டுமென்றால் சும்மா இருக்கும்போதே சேனலுக்கு ஏறக்குறைய 50 வாட் எரியும். மின்விசிறி இல்லாத பூஜை அறைக்கு வேண்டாம்.

மன்னார்குடி: திருவிழாவுக்குப் போற செட்டுக்கு கிளாஸ் டி வாங்கலாமா? அதுல இந்தக் கோளாறு வராதில்ல?

பூஜ்யத்தில் தூங்கும் கோளாறு இந்த வடிவில் வராது. ஆனால் இதில் சுவிட்ச் போல மாறி மாறி ஆன் ஆகும் மேல் கீழ் மாஸ்ஃபெட் இரண்டும் ஒரே நேரத்தில் ஆன் ஆனால் சப்ளையே ஷார்ட் ஆகும் என்று நடுவில் சிறு இடைவெளி விடுவார்கள். அது நீண்டால் அதற்கே ஒரு திரிபு உண்டு. லோட் ஆட்டோவில் ஏற்ற எடை குறைவு, ஜெனரேட்டருக்கும் சுமை குறைவு, ஏனென்றால் எடுக்கும் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்கு அளவுக்கு ஸ்பீக்கருக்கே போகும். கிளாஸ் பி-க்குக் கணக்கின் உச்சமே 78.5 சதவீதம். ஆனால் போனால் பெரும்பாலும் போர்டோடுதான் மாற்ற வேண்டும். தேர் கிளம்பும் நேரத்தில் டிரான்சிஸ்டர் மாற்றி ஓட்டிப் பழகியவர் என்றால் இப்படி பயாஸ் வைத்த கிளாஸ் ஏபி பழைய செட் ஒன்றையும் வண்டியில் வைத்திருங்கள்.