பிரியாவிடை உரை: நன்றி, சிரிப்பு, நம்பிக்கை மூன்றும் ஒரே கதையில்

கேள்வி: யாழ்ப்பாணத்தில் உயர்தரம் முடிக்கிறேன். பிரியாவிடை விழாவில் எங்கள் அணி சார்பில் 5 நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நன்றியும் சொல்லவேண்டும், சிரிக்கவும் வைக்கவேண்டும், எதிர்காலத்தைப் பற்றி நம்பிக்கையோடும் முடிக்கவேண்டும். எப்படி எழுதுவது?

பதில்: நான் தமிழ் ஆசிரியர். ஒவ்வோர் ஆண்டும் இந்த உரைக்குப் பிள்ளைகள் என்னிடம் வருவார்கள். பெரும்பாலானோர் உரையை மூன்றாகப் பிரித்து எழுதிக்கொண்டு வருவார்கள்: முதலில் நன்றிப் பட்டியல், நடுவில் இரண்டு பகிடி, கடைசியில் ‘நாளைய உலகம் நம் கையில்’. அப்படி எழுதினால் எந்தப் பகுதியும் மனதில் நிற்காது. மூன்றையும் சுமக்கக்கூடிய ஒரே ஒரு சம்பவத்தைத் தேடுங்கள். வேலையில் பாதி அந்தத் தேடல்தான்.

ஒரு மாணவியின் உரை எப்படி உருவானது என்று சொல்கிறேன். அவருடைய முதல் வரைவில் விழாத் தலைவரான அதிபரில் தொடங்கி பிரதம விருந்தினர், பிரதி அதிபர், பகுதித் தலைவர், பழைய மாணவர் சங்கத்தினர் என்று ஒவ்வொருவராக விளித்து முடிக்கவே ஒரு நிமிடத்துக்கு மேல் போயிற்று. மேடையில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு 90 சொல் அளவில்தான் வரும். ஆக, 5 நிமிடம் என்பது 450 சொல். அதில் நூறு சொல் விளிக்கே போனால் மிச்சத்தில் என்ன சொல்ல முடியும்? எங்கள் ஊரில் பிரதம விருந்தினரை விளிக்காமல் விட்டால் அது குறையாகத்தான் பேசப்படும், அதனால் விளியை அடியோடு வெட்டவும் முடியாது. தலைவரையும் பிரதம விருந்தினரையும் தனித்தனியே விளித்தோம். மற்றவர்களை ‘எங்களை வளர்த்த ஆசிரியர்களே, பெற்றோரே, தம்பி தங்கையரே’ என்று ஒரே மூச்சில் சேர்த்துக்கொண்டோம்.

அடுத்தது நன்றி. எல்லா ஆசிரியர்களின் பெயரையும் பாடவாரியாக எழுதியிருந்தார். பட்டியலில் எப்படியும் ஒருவர் விடுபடுவார், அந்த மனவருத்தம் உரையின் நினைவையே மூடிவிடும். ‘பட்டியலை விடுங்கோ பிள்ளை, மேடையில ஏறாத ஆரையாவது யோசியுங்கோ’ என்றேன். கேற்றடியில் நிற்கும் காவலாளி ஐயாவைச் சொன்னார். பிந்தி வரும் நாட்களில் மாணவ முதல்வர்கள் பெயர் எழுத வருமுன் ஐயா கேற்றைக் கொஞ்சம் திறந்து உள்ளே விட்டுவிடுவாராம்.

நல்ல கதைதான். ஆனால் அதிபர் முன்வரிசையில் இருக்கும் மேடையில் அதைச் சொன்னால், நன்றி சொல்கிறோம் என்று அந்த மனிதரின் வேலைக்கே உலை வைக்கிறோம். யாரைப் பற்றிய எந்தக் கதை என்றாலும் இதைக் கட்டாயம் யோசியுங்கள். நீங்கள் அடுத்த நாள் பள்ளிக்கூடம் வரப்போவதில்லை, அவர்கள் வரவேண்டும்.

இன்னும் கிண்டியபோது வேறொரு கதை வந்தது. சைக்கிள் செயின் கழன்று தள்ளிக்கொண்டு வருகிற பிள்ளைகளுக்கு ஐயாதான் செயின் போட்டுக் கொடுப்பார். வெள்ளைச் சீருடையில் கிறீஸ் படக்கூடாது என்பதற்காகவே ஒரு பழைய துணி வைத்திருப்பார். கடைசித் தவணையில் ஒரு நாள் ஐயா அந்தத் துணியை மாணவியின் கையில் கொடுத்து, ‘இனி நீங்களே போடுங்கோ, நான் பாத்துக்கொண்டு நிக்கிறன்’ என்றாராம். இதில் மூன்றும் இருக்கிறது. மேடையில் அது இப்படி வந்தது:

‘இரண்டு வருடம் இணைந்த கணிதம் படித்தோம். கப்பியைப் பற்றி எத்தனை கணக்குச் செய்தோம் என்று எங்கள் ஆசிரியருக்குத் தெரியும். ஆனால் சைக்கிள் செயின் கழன்றால் எங்கள் வகுப்பில் ஒருவருக்கும் அதைப் போடத் தெரியாது. எல்லாரும் கேற்றடிக்குப் போய், “ஐயா, திரும்பக் கழண்டிட்டுது!”’

மண்டபம் சிரித்தது. ஏன் என்று பாருங்கள். சிரிப்பு அந்த அணியின் மேல் விழுகிறது, ஐயாவின் மேலோ ஆசிரியரின் மேலோ இல்லை. சைக்கிள் எல்லா வீட்டிலும் இருப்பதால் பின்வரிசை அம்மாமாருக்கும் விளங்குகிறது. அதோடு, மேடைத் தமிழில் போய்க்கொண்டிருந்த பேச்சு சரியாக அந்த ஒரு வரியில் வீட்டுப் பேச்சுக்கு இறங்குகிறது. உரை முழுவதையும் பேச்சுத்தமிழில் சொல்லியிருந்தால் அந்த இறக்கம் கிடைத்திராது.

ஆசிரியர்களின் பட்டப்பெயர், நடை, உடல், வகுப்புக் காதல் கதைகள் எதையும் தொடாதீர்கள். வகுப்பில் எடுபடும் பகிடி மண்டபத்தில் எடுபடுமா என்று அறிய, ஒன்பதாம் ஆண்டில் படிக்கும் தம்பிக்கோ தங்கைக்கோ வாசித்துக் காட்டுங்கள். ‘ஆர் அவர்?’ என்று கேட்டால் வெட்டிவிடுங்கள். சிரிப்பு எழும்போது அடுத்த வரியை அதன்மேல் ஏற்றிவிடவும் கூடாது. சிரிப்புச் சத்தம் பாதி அடங்கும்வரை நில்லுங்கள்.

நம்பிக்கைப் பகுதியில்தான் பலரும் தவறுகிறார்கள். ‘நாளை வைத்தியர்களாக, பொறியியலாளர்களாக’ என்று மாணவியும் எழுதியிருந்தார். அந்த மண்டபத்தில் கலை, வர்த்தகம், தொழில்நுட்பம் படித்தவர்களும் இருக்கிறார்கள். பெறுபேறு இன்னும் வரவில்லை, இசட் புள்ளி என்ன, மாவட்ட வெட்டுப்புள்ளி எங்கே நிற்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. சிலர் இரண்டாம் தடவை எழுதுவார்கள், சிலர் வெளிநாடு போவார்கள், சிலர் அடுத்த மாதமே கடையில் நிற்பார்கள். இரண்டு தொழிலை மட்டும் சொன்னால் மற்றவர்கள் அந்த வரியில் மண்டபத்துக்கு வெளியே போய்விடுகிறார்கள். அதை எடுத்துவிட்டுத் துணிக் கதையையே தொடர்ந்தோம்:

‘அன்று நானே செயின் போட்டேன். கை முழுக்கக் கிறீஸ், சட்டையிலும் கொஞ்சம். ஐயா ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் நின்றார். எங்களில் யாருக்கு என்ன பெறுபேறு வரும் என்று தெரியாது. ஆனால் யாராவது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தால் பக்கத்தில் நிற்க எங்களுக்குத் தெரியும். இரண்டாம் தடவை எழுதுபவர்களுக்கு எங்கள் குறிப்புகளும் கடந்தகால வினாத்தாள்களும் நாளையிலிருந்து நூலகத்தில் இருக்கும்.’

அந்தக் கடைசி வாக்கியம் வெறும் பேச்சு இல்லை. அதற்கு முதல் வாரமே வகுப்பில் எல்லாரிடமும் கேட்டு, குறிப்புகளைச் சேர்த்து, நூலகப் பொறுப்பாசிரியரிடம் அனுமதி வாங்கியிருந்தார்கள். செய்ய முடிகிற ஒன்றை, அதுவும் அடுத்த நாளே தொடங்குகிற ஒன்றைச் சொன்னால் கேட்பவர் நம்புவார். உங்கள் அணியால் என்ன முடியும் என்று இப்போதே பேசி முடிவெடுங்கள்.

தாளில் முழு உரையையும் பெரிய எழுத்தில் எடுத்துச் செல்லுங்கள். மனப்பாடம் செய்தால் நடுவில் தொண்டை அடைக்கும்போது அடுத்த வரி ஓடிவராது. கண் கலங்கினால் பரவாயில்லை, நின்று, மூச்சு விட்டு, தாளைப் பார்த்துத் தொடரலாம். கலங்க வைக்கக்கூடிய வரியை மட்டும் வீட்டில் பலமுறை சத்தமாக வாசித்துப் பழகிக்கொள்ளுங்கள்.

அப்புறம், யாருக்கு நன்றி சொல்லப்போகிறீர்களோ அவரிடம் முதலே கேளுங்கள். ‘உங்களைப் பற்றி மேடையில் இப்படிச் சொல்லலாமா?’ என்று அந்த மாணவி கேட்டபோது, ஐயா தன் பெயரைச் சொல்லவேண்டாம் என்றாராம். சொல்லவில்லை. விழா நடக்கும்போது காவலாளி கேற்றில்தான் நிற்பார் என்பதையும் பிள்ளைகளே யோசித்து, பகுதித் தலைவரிடம் சொல்லி, அந்த நேரத்துக்குக் கேற்றில் வேறொருவரை நிறுத்தி, ஐயாவுக்கு மண்டபத்தில் ஒரு கதிரை போட்டு வைத்தார்கள்.