பழைய மெயில் ஐடி உயிரோடு இருக்கிறதா? கேள்வி பதில்

பதினான்கு வருடம் பிரவுசிங் சென்டர் நடத்தினேன். வருகிறவர்களுக்கெல்லாம் யாகூவில் ஐடி தொடங்கிக் கொடுத்து, பாஸ்வேர்டை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பது வழக்கம். இப்போது ஒரு மில்லில் மெயில் பார்த்துக்கொள்ளும் வேலை. அந்தச் சீட்டைத் தொலைத்தவர்கள் இன்றைக்கும் தேடி வருகிறார்கள். அதனால் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஜிமெயிலை எத்தனை நாள் திறக்காமல் விட்டால் மூடுவார்கள்? யாகூ, ஹாட்மெயிலுக்கும் அதே கணக்கா?

ஒரே கணக்கு இல்லை. கூகுள் இரண்டு வருடம் காத்திருக்கும். 2023 மே மாதம் இதை அறிவித்தார்கள், அந்த டிசம்பரிலிருந்து நீக்கத் தொடங்கினார்கள். யாகூ 12 மாதம். ஹாட்மெயில், அவுட்லுக்கில் கொஞ்சம் சிக்கல். அங்கே கணக்குக்கு இரண்டு வருடம், மெயில் பெட்டிக்கு ஒரே வருடம். அதனால் பாஸ்வேர்ட் போட்டால் உள்ளே விடும், ஆனால் பெட்டி துடைத்து வைத்த மாதிரி காலியாக இருக்கும். பலர் அதைப் பார்த்து யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்று பதறுகிறார்கள். ஹேக் இல்லை, ஒரு வருடம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அந்த மெயில்கள் திரும்ப வராது.

அப்பாவின் ஜிமெயில், 2006-ல் ஆரம்பித்தது. மூன்று வருடமாக யாரும் திறக்கவில்லை. இப்போது நுழைய முடியவில்லை. மூடிவிட்டார்களா, நான் போடும் பாஸ்வேர்ட்தான் தப்பா?

இரண்டையும் பிரித்துப் பார்க்கலாம் தம்பி. முதலில் உங்கள் சொந்த மெயிலிலிருந்து அப்பாவின் முகவரிக்கு ஒரு வரி அனுப்புங்கள். சில நிமிடத்தில் திரும்பி வந்து, அதில் `550 5.1.1` என்றும் `does not exist` என்றும் இருந்தால் அந்த முகவரி இப்போது இல்லை. `out of storage space` என்று வந்தால் கணக்கு இருக்கிறது, இடம்தான் நிரம்பிவிட்டது. ஒன்றும் திரும்பி வரவில்லையென்றால் பெரும்பாலும் உயிரோடு இருக்கிறது, பாஸ்வேர்ட்தான் பிரச்சினை.

அடுத்து, நுழையும் பக்கத்தில் முகவரியை மட்டும் கொடுங்கள். `Couldn't find your Google Account` என்றால் போய்விட்டது. பாஸ்வேர்ட் கேட்கும் பக்கத்துக்குப் போனால் கணக்கு இருக்கிறது. புதுக் கணக்கு தொடங்குவதுபோல் அதே பெயரைக் கொடுத்துப் பார்த்து, `That username is taken` என்று வருவதை வைத்து மட்டும் சந்தோஷப்படாதீர்கள். நீக்கிய ஜிமெயில் பெயரை கூகுள் யாருக்கும் மறுபடி தராது. செத்த முகவரிக்கும் அதே பதில்தான் வரும்.

உயிரோடு இருந்தால், அப்பா பயன்படுத்திய பழைய லேப்டாப்பையோ போனையோ எடுங்கள். உங்கள் வீட்டு வைஃபையிலேயே, அந்தக் கருவியிலேயே மீட்டுப் பாருங்கள். பழகிய கருவி, பழகிய இடம் என்றால் கூகுள் கொஞ்சம் நம்பும். அதற்கு முன் அந்த லேப்டாப்பின் பிரவுசரில் பாஸ்வேர்ட் சேமித்து வைத்திருக்கிறதா என்று பாருங்கள். பத்துக்கு நாலு பேருக்கு அங்கேயே கிடைத்துவிடுகிறது.

நீக்கியிருந்தாலும், சமீபத்தில் நடந்திருந்தால் மீட்புப் பக்கத்தில் ஒருமுறை முயன்று பார்க்கலாம். மூன்று வருடம் என்கிறீர்கள், பெரிய நம்பிக்கை வைக்காதீர்கள்.

மீட்புக்கு ஒரு யாகூ ஐடி காட்டுகிறது, அதுவும் திறக்கவில்லை. போன் நம்பரும் இப்போது எங்களிடம் இல்லை. என்ன செய்வது? (மேலே கேட்டவன்தான்)

வந்தாயிற்றா, இதற்காகத்தான் காத்திருந்தேன். என்னிடம் வருகிற பத்து கேஸில் எட்டு இப்படித்தான்.

போன வருடம் பழைய வாடிக்கையாளர் ஒருவர் வந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர். ஜிமெயில் உயிரோடுதான் இருந்தது. மீட்பு முகவரியாக, 2004-ல் நானே தொடங்கிக் கொடுத்த யாகூ ஐடி. மீட்பு எண்ணாக ஒரு பழைய ப்ரீபெய்டு சிம். மகன் வீட்டுக்கு வெளிநாடு போய் ஒன்றரை வருடம் தங்கியிருக்கிறார். சிம்முக்கு ரீசார்ஜ் இல்லை. துண்டித்த எண்ணை 90 நாள் வரை யாருக்கும் தரமாட்டார்கள், அதற்கப்புறம் தரலாம். அது எப்போதோ இன்னொருவர் கைக்குப் போய்விட்டது. அழைத்துப் பார்த்தோம், ஒரு மெக்கானிக் எடுத்தார். யாகூ 12 மாதத்தில் போய்விட்டது. ஜிமெயிலுக்கு இன்னும் ஆறு மாதம் பாக்கி. ஆனால் உள்ளே போக வழியில்லை.

வரிசையைக் கவனியுங்கள். சிம் மூன்று மாதம், யாகூ பன்னிரண்டு, ஜிமெயில் இருபத்து நான்கு. முட்டுக் கொடுத்த கம்புதான் முதலில் விழுகிறது, பந்தல் கடைசியில். கூகுள் மூடுவதற்கு முன் எச்சரிக்கை அனுப்பும், உண்மைதான். எங்கே அனுப்பும்? அதே ஜிமெயிலுக்கும் அந்தச் செத்த யாகூவுக்கும்.

அவருக்கு ஒரு பழைய டேப்லெட் காப்பாற்றியது. பேத்தி கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்த டேப்லெட்டில் அந்தக் கணக்கு வெளியேறாமல் இருந்தது. அதிலிருந்தே எண்ணையும் மீட்பு முகவரியையும் மாற்றினோம். உங்கள் வீட்டிலும் அப்படி ஏதாவது கிடக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இல்லையென்றால் என்னிடமும் வேறு வழியில்லை தம்பி.

எல்லா மெயிலும் புது ஐடிக்கு ஃபார்வர்டு ஆகிறது. தினமும் பத்து மெயில் வருகிறது. அப்போது ஆக்டிவ்தானே சார்?

இல்லை. மெயில் வருவது நீங்கள் செய்யும் வேலை இல்லை. படிப்பது, அனுப்புவது, அந்தக் கணக்கோடு யூடியூப் பார்ப்பது, தேடுவது, ஆப் இறக்குவது, இதெல்லாம்தான் கூகுளுக்குக் கணக்கு. தபால்காரர் தினமும் வந்தால் வீட்டில் ஆள் இருப்பதாக அர்த்தமா?

சார் சொல்வது தப்பு. நான் நாலு வருடமாக போன் ஆப்பில் மட்டும்தான் பார்க்கிறேன், ஒருநாளும் லாகின் பண்ணியதில்லை. இன்னும் வேலை செய்கிறது.

நீங்கள் பேசுவது வேறு விஷயம். ஆப்பில் திறந்து படிக்கிறீர்கள், அது பயன்பாடுதான். நான் சொன்னது ஃபார்வர்டு.

அப்படியென்றால் போன் தானாக சிங்க் ஆகிறதே, அதுவும் பயன்பாடுதானே? கம்ப்யூட்டரில் மெயில் படிக்கும் தண்டர்பேர்டு ப்ரோகிராமில் வைத்திருந்தால்?

கூகுள் கொடுத்த பட்டியலில் பின்னணி சிங்க் என்று ஒரு வரி இல்லை. தண்டர்பேர்டில் திறந்து படித்தால் படித்தது படித்ததுதான் என்பது என் கருத்து. ஆனால் மூலையில் சும்மா ஓடுகிற கம்ப்யூட்டரை நம்பி ஒரு முகவரியை விடமாட்டேன்.

நான் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி மாதம் ஒருமுறை தானாக மெயில் அனுப்ப வைத்திருக்கிறேன். அனுப்புவது கணக்கில் வரும் என்று நீங்களே சொன்னீர்கள். பின்னே ஏன் கையால் செய்ய வேண்டும்?

பாதி சரி. அனுப்புவது கணக்கில் வரும். ஆனால் ஸ்கிரிப்ட் என்றைக்கு நின்றது என்று உங்களுக்கு யார் சொல்வார்கள்? பாஸ்வேர்ட் மாறும், நுழையும் முறை மாறும், அது சத்தமில்லாமல் நின்றுவிடும். ஸ்கிரிப்டுக்கு மீட்பு எண் பழசா புதுசா என்றும் தெரியாது. கையால் திறந்தால் அதையும் பார்ப்பீர்கள்.

ஸ்கிரிப்ட் நின்றால் எனக்கு எச்சரிக்கை வரும்படி வைத்திருக்கிறேன் சார்.

எந்த முகவரிக்கு? சரி, விடுங்கள். நீங்கள் ஒத்துக்கொள்ளப் போவதில்லை, நானும் மாறப் போவதில்லை.

ஜிமெயில் தினமும் பார்க்கிறேன். போட்டோஸ் மட்டும் திறப்பதே இல்லை. பிரச்சினை இல்லையே?

இருக்கலாம் அம்மா. கணக்கு போகாது. ஆனால் 2021 ஜூன் முதல் இன்னொரு விதி இருக்கிறது. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக இரண்டு வருடம் பார்ப்பார்கள். எதைத் தொடவில்லையோ அதில் உள்ளதை நீக்கலாம். மாதம் ஒருமுறை அந்த ஆல்பத்தைத் திறந்து பேரன் படத்தைப் பாருங்கள், போதும்.

ஹாட்மெயில் எத்தனை நாள்?

முதல் பதில்.

என் கல்லூரி ஐடியும் இரண்டு வருடம் இருக்குமா?

அது கல்லூரி நிர்வாகத்தின் கையில். அவர்களைக் கேளுங்கள்.

நான் விட்டுவிட்ட யாகூ ஐடியை வேறு யாராவது எடுத்துக்கொள்ள முடியுமா? பயமாக இருக்கிறது.

பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. 2013-ல் யாகூ, ஒரு வருடத்துக்கு மேல் கிடந்த பெயர்களை வெளிப்படையாகவே மறுபடி கொடுத்தது. கேட்டு வாங்கியவர்களில் சிலருக்குப் பழைய ஆளின் மெயில்களும் வந்தன. இதைச் சமாளிக்க யாகூவும் பேஸ்புக்கும் சேர்ந்து மெயிலின் தலைப்பில் `Require-Recipient-Valid-Since` என்று ஒரு வரி கொண்டுவந்தார்கள். ‘இந்தத் தேதியிலிருந்து இதே ஆள்தான் வைத்திருக்கிறார் என்றால் மட்டும் கொடு’ என்று பொருள். நல்ல யோசனை. ஆனால் அனுப்புகிறவரும் அதைப் போட வேண்டும், வாங்குகிறவரும் மதிக்க வேண்டும். உங்கள் வங்கி போடுகிறதா என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன்.

ஆகவே விட்டுவிடுவதென்றால் சும்மா விடாதீர்கள். அந்த முகவரி எங்கெல்லாம் மீட்பு முகவரியாக இருக்கிறது என்று பார்த்து மாற்றிவிட்டு அப்புறம் விடுங்கள். பெட்டி திறக்கும்போதே அதற்குள் `verify`, `welcome` என்று தேடினால் எங்கெல்லாம் பதிந்திருக்கிறீர்கள் என்று ஓரளவு கிடைக்கும்.

எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் மனைவிக்கு மெயில் போய்ச் சேர வழி உண்டா அண்ணே?

உண்டு. `myaccount.google.com/inactive` பக்கத்தில் எத்தனை மாதம் அசைவில்லாமல் இருந்தால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று நீங்களே வைக்கலாம். பத்து பேர் வரை சேர்க்கலாம், யாருக்கு எது கிடைக்க வேண்டும் என்று தனித்தனியாகப் பிரிக்கலாம். மனைவியின் போன் நம்பரைச் சரியாகக் கொடுங்கள். அந்த நம்பரும் மாறினால் இங்கேயும் மாற்றுங்கள். சிம், சிம் என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலிக்கிறது.

யாகூ எவ்வளவு நாள் சார்?

முதல் பதில் என்று ஒன்று இருக்கிறது. மேலே.

நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

ஆயுத பூஜை அன்று கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்ததும் எல்லாப் பழைய பெட்டியையும் திறப்பேன். மொத்தம் ஐந்து. ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஒரு வரி அனுப்பி, எல்லாவற்றிலும் மீட்பு எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் பொரி.

சார், ஆயுத பூஜை திதியைப் பார்த்து வருவது. 2022-ல் அக்டோபர் 4, 2023-ல் அக்டோபர் 23. நடுவில் 384 நாள். உங்கள் யாகூ?

காலண்டரை எடுத்து எண்ணிப் பார்த்தேன். சரிதான். அந்த வருடம் யாகூவில் பழைய மெயில் ஒன்றுகூட இல்லாமல் இருந்ததை நான் வேறு காரணம் என்று நினைத்திருந்தேன். வருகிற பொங்கலிலிருந்து இரண்டு தடவை.