போனைத் தொடாமல் கிண்டிலில் ஒலிநூல் கேட்பது எப்படி?

“கிண்டிலில் ஹெட்போனைத் தேடினால் பட்டியலில் வரவே இல்லை. ஏன்?”

ஹெட்போன் ஏற்கெனவே உங்கள் போனுடன் இணைந்துவிட்டது. காரணம் பெரும்பாலும் அதுதான். ப்ளூடூத்தில் ‘பேரிங்’ என்பது இரண்டு கருவிகள் முதல் தடவை ஒரு ரகசியச் சாவியை உருவாக்கி, இரண்டுமே நினைவில் வைத்துக்கொள்வது. தெரிந்த வீட்டுக்குப் பழகிய காலில் நடப்பதுபோல, ஹெட்போனை ஆன் செய்ததும் அது கடைசியாக இணைந்த கருவியைத்தான் முதலில் தேடிப் போகும். அங்கே சேர்ந்துவிட்டால் புதியவர்களுக்குத் தன்னைக் காட்டாது.

அதனால் முதலில் போனின் ப்ளூடூத்தை அணையுங்கள். அப்புறம் ஹெட்போனின் பவர் பட்டனை, விளக்கு வேகமாகச் சிமிட்டும்வரை அழுத்திப் பிடியுங்கள். இயர்பட்ஸ் என்றால் பலவற்றில் பட்டன் பெட்டியில் இருக்கும். விளக்கு மெதுவாக மட்டும் சிமிட்டினால், பெரும்பாலும் அது பழைய இணைப்பைத் தேடுகிறது என்று அர்த்தம். இன்னும் கொஞ்சம் அழுத்துங்கள். பிறகு கிண்டில் அமைப்புகளில் ப்ளூடூத் பகுதிக்குப் போய்த் தேடினால் பெயர் தெரியும். ஹெட்போனைச் சின்ன மியூசிக் பிளேயருடன் இணைக்கவும் இதே முறைதான்.

ப்ளூடூத் இருப்பதால் எந்த எம்பி3 கோப்பும் கிண்டிலில் ஓடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் இப்போதைய கிண்டில்களில் ஒலிநூல் என்றால் அமேசானின் ஆடிபிள் சேவையில் வாங்கியவைதான் ஓடும், சொந்தக் கோப்புகளுக்கு ப்ளூடூத் உள்ள மியூசிக் பிளேயர்தான் சரி.